ஊறுகாய்க்குத் தனி உப்பு

பில் தொகையில் பைசாவை முழு ரூபாயாக்கும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. மேலே தள்ள வேண்டிய ஐம்பது பைசாவை நிரல் சில சமயம் கீழே தள்ளிவிடும். ஒரே ஒரு வரியை மாற்றினால் தீர்ந்துவிடும் வேலை. புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுத்தேன். மதியத்துக்குள் முடித்து, சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பிவிட்டான். திறந்து பார்த்தால் 600 வரிகள் கொண்ட அந்தக் கோப்பில் 400-க்கும் மேற்பட்ட வரிகள் மாறியிருந்தன.

"அக்கா, சத்தியமா ஒரே ஒரு வரிதான் மாத்தினேன்" என்றான். முகம் வாடிப்போயிருந்தது.

அவன் சொன்னது உண்மை. மீதி வரிகளை மாற்றியது அவன் கை இல்லை, அவனுடைய எடிட்டர். ஒற்றை மேற்கோள் குறிகளை எல்லாம் இரட்டையாக்கி, நீண்ட வரிகளை உடைத்து, காலி வரிகளைக் கூட்டிக் குறைத்து, கோப்பு முழுவதையும் அது ஒழுங்குபடுத்தியிருந்தது. எனக்குப் புதிராக இருந்தது வேறொன்று. இப்படி நடக்கவே கூடாது என்று எங்கள் புராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு செட்டிங் எழுதி வைத்திருந்தோம். புராஜெக்ட் செட்டிங்தான் தனிப்பட்ட செட்டிங்கை வெல்லும் என்பது எடிட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த விதி அன்று ஏன் தோற்றது?

அதைச் சொல்வதற்கு முன், இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். கடிதம் எழுத வேர்ட் இருப்பதுபோல, நிரல் எழுத எடிட்டர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2015-ல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் அவற்றில் ஒன்று. இலவசம் என்பதால் கல்லூரி மாணவர் முதல் பெரிய நிறுவனங்களின் பொறியாளர் வரை பலரும் அதில்தான் எழுதுகிறார்கள். எழுத்தின் அளவு, பின்னணி நிறம், வரியின் தொடக்கத்தில் எத்தனை இடம் விடுவது, கோப்பைச் சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்த வேண்டுமா என்று எல்லாவற்றையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். அந்த விருப்பங்களை எழுதி வைக்க அங்கே முக்கியமாக இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று யூசர் செட்டிங். இது ஆளுக்குரியது. விண்டோஸ் கணினியில் `%APPDATA%\Code\User\settings.json` என்ற கோப்பில் இருக்கும். நீங்கள் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் இது உங்களோடு வரும். இன்னொன்று வொர்க்ஸ்பேஸ் செட்டிங். இது வேலைக்குரியது. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் `.vscode` என்றொரு சிறு ஃபோல்டர் இருக்கும். அதற்குள்ளும் `settings.json` என்ற அதே பெயரில் ஒரு கோப்பு. புராஜெக்ட்டைக் கிட் வழியாக யாருக்கு அனுப்பினாலும் மற்றக் கோப்புகளோடு இதுவும் போகும். அந்த ஃபோல்டரைத் திறக்கிற ஒவ்வொருவரின் எடிட்டரும் இதைப் படித்துக்கொள்ளும்.

இரண்டிலும் ஒரே செட்டிங்குக்கு வெவ்வேறு மதிப்பு இருந்தால் வொர்க்ஸ்பேஸ்தான் வெல்லும். ஒரு புராஜெக்ட்டில் பத்துப் பேர் வேலை செய்யும்போது, ஒருவர் வரித் தொடக்கத்தில் நான்கு இடமும் இன்னொருவர் இரண்டு இடமும் விட்டால் கோப்பு கந்தலாகிவிடும். அதனால் குறுகிய இடத்துக்கென்று சொன்னது, எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொன்னதை மேவும் என்று வைத்திருக்கிறார்கள். எடிட்டரோடு வரும் இயல்பு மதிப்பு அடித்தளம். அதன்மேல் யூசர் செட்டிங். அதன்மேல் வொர்க்ஸ்பேஸ். ஒரே சன்னலில் பல புராஜெக்ட் ஃபோல்டர்களைச் சேர்த்துத் திறந்தால், ஒவ்வொரு ஃபோல்டரின் சொந்த செட்டிங் அதற்கும் மேலே உட்காரும்.

எங்கள் புராஜெக்ட்டின் கோப்பில் இந்த வரி இருந்தது:

```json
{
  "editor.formatOnSave": false
}
```

சேமிக்கும்போது தானாக ஒழுங்குபடுத்தாதே என்று பொருள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அது பல ஆண்டுப் பழைய நிரல். எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்ற வரலாறு கிட்டில் வரிவாரியாகப் பதிந்திருக்கிறது. ஒரு கணக்குத் தப்பும்போது நாங்கள் முதலில் தேடிப் போவது அந்த வரலாற்றைத்தான். ஒருவர் மொத்தக் கோப்பையும் ஒழுங்குபடுத்திச் சேமித்துவிட்டால், மாறிய அத்தனை வரிகளிலும் அவர் பெயரும் அன்றைய தேதியும் ஏறிவிடும். பழைய தடயம் அடியில் போய்விடும்.

தம்பியின் மடிக்கணினியை வாங்கி அவனுடைய யூசர் செட்டிங்கைத் திறந்தேன். அதில் இப்படி இருந்தது:

```json
{
  "[python]": {
    "editor.defaultFormatter": "ms-python.black-formatter",
    "editor.formatOnSave": true
  }
}
```

கல்லூரி நாட்களில் ஒரு வீடியோவைப் பார்த்துச் சேர்த்ததாம். பைத்தான் எழுதுகிற பலரும் செய்வதுதான். பிளாக் என்பது பைத்தான் நிரலை ஒழுங்குபடுத்தும் கருவி. இயல்பில் அது மேற்கோள்களை இரட்டையாக்கும், 88 எழுத்துகளைத் தாண்டும் வரிகளை உடைக்கும். நான் திரையில் கண்டதும் அதுவே.

அவனுடைய `formatOnSave` வெறுமனே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். `[python]` என்ற தலைப்புக்குக் கீழே நிற்கிறது. பைத்தான் கோப்புகளுக்கு மட்டும் என்று அதற்குப் பொருள். புராஜெக்ட்டில் நாங்கள் எழுதியதோ எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவானது. மொழி குறித்துச் சொன்ன செட்டிங், பொதுவாகச் சொன்ன செட்டிங்கை எப்போதும் வெல்லும். மொழிக்குரியது யூசர் செட்டிங்கிலும் பொதுவானது வொர்க்ஸ்பேஸிலும் இருந்தாலும் அப்படித்தான். எந்த இடத்தில் எழுதியது என்று எடிட்டர் பார்ப்பது, எதைக் குறித்து எழுதியது என்று பார்த்த பிறகே.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். வீட்டுக்காரர் வந்து, "எங்க வீட்டுல உப்பு கம்மியாத்தான் சாப்பிடுவோம், பாத்துப் போடுங்க" என்கிறார். சமையல்காரர் தன் வழக்கமான அளவை விட்டுவிட்டு சாம்பாரிலும் கூட்டிலும் பொரியலிலும் உப்பைக் குறைக்கிறார். வீட்டின் விதி அவருடைய வழக்கத்தை வென்றுவிட்டது. ஊறுகாய்க்கு மட்டும் அவர் உப்பைக் குறைக்க மாட்டார். ஊறுகாய்க்கென்று அவர் கையில் ஒரு தனிக் கணக்கு உண்டு. வீட்டுக்காரர் சொன்னது பொதுப் பேச்சு, ஊறுகாயைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "ஊறுகாய்லயும் கம்மியாவே போடுங்க" என்று பெயர் சொல்லிச் சொல்லியிருந்தால் சமையல்காரர் கேட்டிருப்பார். பெயர் சொல்லாத வரை அவர் கணக்குதான் நிற்கும்.

இப்படி ஏன் வைத்தார்கள் என்று அன்று எனக்கும் கோபம் வந்தது. காரணம் நியாயமானது. ஒரு மொழிக்கு உயிர்நாடியாக இருக்கும் விஷயத்தைப் பொது விதி ஒன்று கவனக்குறைவாக உடைத்துவிடக் கூடாது. மேக்ஃபைல் என்றொரு வகைக் கோப்பு இருக்கிறது. அதில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். சாதாரண இடைவெளியில் தொடங்கினால் `missing separator` என்று சொல்லி மேக் நின்றுவிடும். புராஜெக்ட்டில் யாரோ ஒருவர் 'டேப் வேண்டாம், எங்கும் இடைவெளி' என்று பொதுவாக எழுதிவைத்தால், மொழி விதி தோற்கும் பட்சத்தில் மேக்ஃபைல்கள் எல்லாம் கெட்டுப்போகும். அப்படி ஆகாமல் காப்பதற்காகவே மேக்ஃபைலுக்கு டேப் என்ற விதி எடிட்டரோடு கூடவே வருகிறது. அதாவது, எடிட்டரின் இயல்பு மதிப்பாக இருந்தாலும், மொழி பெயரில் இருந்தால் உங்கள் வொர்க்ஸ்பேஸ் பொது விதியை அது மேவும். யாமல் கோப்புகளுக்கு இரண்டு இடம் என்று இதேபோல் ஒரு விதி உள்ளே இருக்கிறது. "வொர்க்ஸ்பேஸில் நான்கு என்று போட்டேன், இது மட்டும் கேட்க மாட்டேன் என்கிறதே" என்று திணறுகிறவர்களில் பலர் முட்டிக்கொள்வது இங்கேதான்.

அன்று நாங்கள் செய்த திருத்தம் மூன்று வரி. புராஜெக்ட் கோப்பில் ஊறுகாயைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டோம்:

```json
{
  "editor.formatOnSave": false,
  "[python]": {
    "editor.formatOnSave": false
  }
}
```

இப்போது இரண்டு பக்கமும் மொழி பெயரில் பேசுகின்றன. சம நிலையில் மோதும்போது பழைய விதி திரும்பி வரும், வொர்க்ஸ்பேஸ் வெல்லும். தம்பியின் யூசர் செட்டிங்கை நாங்கள் தொடவில்லை, தொடத் தேவையும் இல்லை. அவன் சொந்தமாக எழுதும் நிரல்களில் பிளாக் பழையபடி வேலை செய்யும். எங்கள் புராஜெக்ட்டிலும் `defaultFormatter` அவன் சொன்னதாகவே இருக்கிறது, ஏனென்றால் `[python]` தலைப்புக்குள் நாங்கள் மாற்றியது ஒன்றை மட்டுமே. மற்றவை அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. அவனாகக் கட்டளை கொடுத்தால் ஒழுங்குபடுத்தும். சேமிக்கும்போது தானாகச் செய்யாது.

தான் மாற்றியதைத் திரும்பப் பெற்று, பழைய கோப்பை மீட்டு, மறுபடி அந்த ஒரு வரியைத் திருத்திச் சேமித்தான். இந்த முறை ஒரு வரி நீக்கம், ஒரு வரி சேர்ப்பு என்று வந்தது.

எந்த விதி ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எடிட்டரே வழி வைத்திருக்கிறது. `Ctrl+,` அழுத்தினால் செட்டிங் பக்கம் திறக்கும். மேலே `User`, `Workspace` என்று இரண்டு தாவல்கள் தெரியும். நீங்கள் யூசர் தாவலில் இருக்கும்போது, அதே செட்டிங்கை வொர்க்ஸ்பேஸும் மாற்றியிருந்தால் அதன் பெயருக்குப் பக்கத்தில் `Also modified in` என்ற குறிப்பு சிறு எழுத்தில் வரும். அதைக் கண்டால் இங்கே என்ன மாற்றினாலும் இந்தப் புராஜெக்ட்டில் பலிக்காது என்று புரிந்துகொள்ளலாம். எங்களைப் போன்ற சிக்கலுக்கு அது மட்டும் போதாது. தேடும் கட்டத்தில் `@lang:python` என்று அடித்து அதன் பின்னால் செட்டிங்கின் பெயரைச் சேர்த்தால், அந்த மொழிக்கென்று இருக்கும் மதிப்பைக் காட்டும். தம்பியின் கணினியில் பொதுவான `formatOnSave` கட்டத்தில் டிக் இல்லை. `@lang:python` போட்டதும் டிக் தெரிந்தது. அந்த நொடியில் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

ஒரு வகை குழப்பத்தில் இரண்டு செட்டிங்கும் குற்றமற்றவை. யூசரிலும் வொர்க்ஸ்பேஸிலும் `editor.tabSize` இரண்டு என்று இருக்கும், கோப்பைத் திறந்தால் அடிப்பட்டையில் `Spaces: 4` என்று காட்டும். எடிட்டர் ஒரு கோப்பைத் திறக்கும்போது அதில் ஏற்கெனவே எத்தனை இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதையே பின்பற்றும். `editor.detectIndentation` என்ற செட்டிங்தான் அதைச் செய்கிறது, அது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. பழைய கோப்பைப் பாதியில் வேறு அளவில் எழுதிக் குழப்பாமல் இருக்க நல்ல ஏற்பாடு. அது தெரியாமல் `tabSize` மதிப்பை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலையையே தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வெல்வது என்றால் எப்போதும் தோற்றது முழுக்க மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எண், ஆம்–இல்லை, பட்டியல் போன்ற மதிப்புகளில்தான் அப்படி. `editor.rulers` என்ற செட்டிங்கில் 80, 120 ஆகிய இடங்களில் கோடு போடச் சொல்லி நீங்கள் வைத்திருக்கிறீர்கள், புராஜெக்ட் 100 என்று மட்டும் சொல்கிறது என்றால், 100-ல் ஒரு கோடுதான் வரும். `files.exclude` போல, பெயரும் மதிப்புமாக இணை இணையாக எழுதப்படும் செட்டிங்குகளில் இரண்டும் கலந்துவிடும். நீங்கள் மறைக்கச் சொன்ன கோப்புகளும் மறையும், புராஜெக்ட் மறைக்கச் சொன்னவையும் மறையும். உங்கள் பட்டியலில் உள்ள ஒன்றை இந்தப் புராஜெக்ட்டில் மட்டும் காட்ட வேண்டுமானால், வொர்க்ஸ்பேஸில் அதே பெயரை எழுதி `false` என்று மறுக்க வேண்டும். எழுதாமல் விட்டால் மறுத்ததாக ஆகாது.

வொர்க்ஸ்பேஸுக்கு இருக்கும் அதிகாரத்துக்கு ஒரு வேலியும் உண்டு. யாரோ இணையத்தில் போட்ட புராஜெக்ட்டை நீங்கள் இறக்கித் திறக்கிறீர்கள். அதற்குள் `.vscode/settings.json` இருக்கிறது. கிட் நிரல் இங்கே இருக்கிறது, இதை இயக்கு என்று அது ஏதோ ஒரு தீய நிரலைக் காட்டினால் என்ன ஆகும்? அதனால் `git.path` போன்ற சில செட்டிங்குகளை வொர்க்ஸ்பேஸில் எழுதினாலும் எடிட்டர் ஏற்காது. எடிட்டர் தன்னை எப்படிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் `update.mode` அதே வகை. 2021-ல் இதற்கு மேலும் ஒரு காவல் வந்தது. புதிய ஃபோல்டரைத் திறந்ததும், இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று எடிட்டர் கேட்கும். நம்பவில்லை என்றால் கட்டுப்பாடான நிலையில் திறக்கும். ஆபத்தான வொர்க்ஸ்பேஸ் செட்டிங்குகள் அப்போது செல்லாது. ஆகவே வொர்க்ஸ்பேஸ் செட்டிங் ஒன்று ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர், அடிப்பட்டையில் `Restricted Mode` என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பெரிய நிறுவனங்களில் கணினிப் பிரிவு வைக்கும் கொள்கைகளும் உண்டு. அவை இருக்கும் செட்டிங்கில் யூசரும் செல்லாது, வொர்க்ஸ்பேஸும் செல்லாது.

இந்த வேலி பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறது. மனிதரின் வசதியைப் பார்க்காது. எனக்கு இதில் உள்ள மனத்தாங்கல் அதுதான். இன்னொரு புராஜெக்ட்டில் பார்வை குறைந்த நண்பர் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். எழுத்தின் அளவை 24 என்று தன் யூசர் செட்டிங்கில் வைத்திருந்தார். ஒருநாள் காலை கிட்டிலிருந்து புதிய மாற்றங்களை இறக்கினார், திரையில் எழுத்துகள் எல்லாம் எறும்பாகிவிட்டன. யாரோ ஒருவர் செட்டிங் பக்கத்தில் `Workspace` தாவல் திறந்திருப்பதைக் கவனிக்காமல் தனக்குப் பிடித்த எழுத்தளவைத் தேர்ந்திருக்கிறார். அது புராஜெக்ட் கோப்பில் `"editor.fontSize": 13` என்று பதிந்து, கிட் வழியாக எல்லோருக்கும் போய்விட்டது. விதிப்படி வொர்க்ஸ்பேஸ் வென்றது. நண்பர் தன் யூசர் செட்டிங்கில் 24-ஐ 30 ஆக்கிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. `Ctrl` விசையோடு கூட்டல் விசையை அழுத்தி மொத்த சன்னலையும் பெரிதாக்கிச் சமாளித்துக்கொண்டிருந்தார். பாதிக் கோப்பு திரைக்கு வெளியே போய்விடும். இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார், அதுவும் தன் கணினியில்தான் ஏதோ கோளாறு என்று.

சேமிக்கும்போது ஒழுங்குபடுத்துவதா, எத்தனை இடம் விடுவது, வரி முடிவுக் குறி எது போன்றவற்றில் ஒருவர் செய்வது அடுத்தவர் கோப்பில் போய்ப் படியும். அவை வொர்க்ஸ்பேஸில் இருக்க வேண்டியவை. எழுத்தளவு, நிறம், எழுத்துரு, கர்சர் துடிப்பு ஆகியவை பார்ப்பவரின் கண்ணோடு முடிந்துவிடுகின்றன. கோப்பில் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. அவற்றை வொர்க்ஸ்பேஸில் போடுவது, பந்தியில் எல்லோர் மூக்கிலும் ஒரே கண்ணாடியை மாட்டுவதற்குச் சமம். அதனால் `.vscode` ஃபோல்டருக்குள் வரும் எந்த மாற்றத்தையும் நிரலைச் சரிபார்ப்பதுபோல் ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்த பிறகே சேர்க்கிறோம்.

அன்று அந்த 13-ஐ எடுத்துவிட்டு அனுப்பினேன். நண்பர் இறக்கிக்கொண்டார். யூசர் செட்டிங்கில் தான் ஏற்றி வைத்திருந்த 30 திடீரென்று பலித்து, திரை முழுக்கப் பெரிய எழுத்துகள் நிறைந்தன. சிரித்துக்கொண்டே 24-க்கு இறக்கினார்.